ஒரே ஓட்டை, இரண்டு குழந்தைகள்: நீலக் குழந்தையிடம் நர்ஸ் எதைப் பார்க்கிறார்?

காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று வட சென்னையில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் குடும்பமும் குழந்தையின் பிறவி இதயக் கோளாறை ஒரே பெயரில்தான் சொல்லும்: "ஹார்ட்ல ஓட்டை." பாதி சரிதான். இந்தக் கோளாறுகள் பலவற்றில் எங்காவது ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அதன் வழியாக இரத்தம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு பக்கம் பாய்ந்தால் குழந்தை நீலமாகாது, ஆனால் மூச்சு வாங்கும். மறுபக்கம் பாய்ந்தால் குழந்தை நீலமாகும், ஆனால் பெரும்பாலான நேரம் மூச்சு வாங்காது. முதல் வகைக்குச் செய்கிற வைத்தியத்தை இரண்டாவது வகைக்குச் செய்தால் குழந்தைக்கு ஆபத்து. வார்டில் நர்ஸ் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தே பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் சுமார் 8 அல்லது 9 பேருக்கு ஏதாவது ஒரு பிறவி இதயக் கோளாறு இருக்கும். வகைகள் பல. இங்கே இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று வி.எஸ்.டி. இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை. நீலமாகாத வகையில் மிக அதிகமாகக் காணப்படுவது இது. மற்றொன்று டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ. பிறந்த சில வாரங்களுக்குப் பிறகு நீலமாகத் தெரிய வரும் குழந்தைகளில் அதிகம் பேருக்கு இருப்பது. இந்த இரண்டையும் எடுத்ததற்குக் காரணம் உண்டு: இரண்டிலும் அதே சுவரில் அதே ஓட்டைதான்.

இதயத்தின் வலது பக்கம் கெட்ட இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடது பக்கம் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தை உடம்புக்கு அனுப்புகிறது. உடம்பு முழுக்கத் தள்ள வேண்டியிருப்பதால் இடது கீழறையில் அழுத்தம் வலதைவிடப் பல மடங்கு அதிகம். நடுவே ஓட்டை இருந்தால் அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு, அதாவது இடமிருந்து வலமாக, நல்ல இரத்தம் பாயும். அது மறுபடி நுரையீரலுக்கே போகும். உடம்புக்குப் போவது நல்ல இரத்தம்தான், அதனால் குழந்தை நீலமாவதில்லை. ஆனால் நுரையீரலில் தேவைக்கு மேல் இரத்தம் வெள்ளமாக நிற்கும்.

இந்த வெள்ளம் பிறந்த அன்றே வருவதில்லை. பிறந்த குழந்தையின் நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுக்கமாக இருக்கும். அவை சில வாரங்களில் மெல்லத் தளர்கின்றன. அதனால்தான் பெரிய வி.எஸ்.டி. உள்ள குழந்தை முதல் மாதம் நன்றாக இருந்துவிட்டு, இரண்டாவது மாதத்தில் "பால் குடிக்கவே மாட்டேங்குது" என்று வந்து சேர்கிறது. பிறந்தபோது டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றாரே என்று தாய் கேட்பார். அவர் சொன்னது அன்றைக்குச் சரிதான்.

இந்தக் குழந்தையைப் பார்ப்பதற்கு நல்ல நேரம் பால் குடிக்கும் நேரம். குழந்தைக்கு அதுதான் உடற்பயிற்சி. வி.எஸ்.டி. குழந்தை இரண்டு நிமிடம் ஆவலாகச் சப்பும், விட்டுவிடும், மூச்சு வாங்கும், மறுபடி சப்பும், அப்படியே அசந்து தூங்கும். அரை மணியில் பசித்து எழுந்து அழும். நெற்றியிலும் தலையிலும் முத்து முத்தாக வேர்வை. சென்னை மே மாதத்தில் யாருக்குத்தான் வேர்க்காது என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அதனால் நான் கேட்கிற கேள்வி வேறு: ஃபேன் ஓடும்போதும், பால் குடிக்கும்போது மட்டும், தலை மட்டும் நனைகிறதா? தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பச்சைக் குழந்தைக்குச் சரிவராது, அதன் மூச்சு சீராக இருப்பதில்லை. இரண்டு மாதத்துக்குக் கீழே 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, அதைத் தாண்டினால் வேகமான மூச்சு. எடை ஏறாது. அடிக்கடி சளி, நிமோனியா என்று வரும். வீட்டில் "சளி கட்டிக்கிச்சு" என்று சொல்லப்படும் குழந்தைகளில் சிலருக்கு இருப்பது இதுதான்.

சரி, இப்போது ஃபேலோ. மார்சேயில் வேலை பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஆர்தர் ஃபேலோ 1888இல் இதை நான்கு கோளாறுகளின் கூட்டாக விவரித்தார். சுவரில் பெரிய ஓட்டை. வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வாசல் குறுகியிருப்பது. பெருந்தமனி ஓட்டைக்கு நேர் மேலே இரண்டு அறைகளுக்கும் பொதுவாக உட்கார்ந்திருப்பது. வலது கீழறைச் சுவர் தடித்துப்போவது. நான்கையும் மனப்பாடம் செய்யலாம், ஆனால் குழந்தையின் நிலையை முடிவு செய்வது இரண்டாவதுதான். தண்ணீர் வரும் குழாயில் இரண்டு திறப்புகள் இருந்து, ஒன்றை விரலால் அழுத்தினால் தண்ணீர் மற்றதில் பீய்ச்சுமே, அதுபோலத்தான். நுரையீரல் வாசல் குறுகக் குறுக, கெட்ட இரத்தம் ஓட்டை வழியாகப் பெருந்தமனிக்குள் போய், ஆக்சிஜன் ஏறாமலே உடம்புக்குப் போய்விடுகிறது.

வாசல் அதிகம் குறுகாத ஃபேலோ குழந்தையும் உண்டு. அது சிவப்பாகவே இருக்கும், சில மாதங்கள் வி.எஸ்.டி. போலவே தோன்றும். மாதங்கள் போகப் போக வாசலில் உள்ள தசை தடித்து, குழந்தை மெல்ல நீலமாகும். ஆக, நீலமாவது, நீலமாகாதது என்ற பிரிவு புத்தகத்தில் தெரிகிற அளவுக்குக் கறாரானதல்ல. வி.எஸ்.டி.யிலும் பெரிய ஓட்டையை மூடாமலே வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் குழாய்கள் இறுகி, இரத்தம் திசை மாறி, அந்தப் பிள்ளையும் ஒருநாள் நீலமாகும். அதற்குப் பிறகு ஓட்டையை மூடவும் முடியாது.

பிறந்த முதல் நாளிலேயே நீலமாகும் குழந்தைக்குக் காரணம் பெரும்பாலும் ஃபேலோவாக இருக்காது. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறி முளைத்த கோளாறு அங்கே முதலில் நினைவுக்கு வர வேண்டும். அந்தக் குழந்தை உயிரோடு இருப்பதற்கு ஒரு பெரிய காரணம், கருவில் இருந்த ஒரு சிறு குழாய் இன்னும் மூடாமல் இருப்பது. மூன்று நாளுக்குள் அது மூடத் தொடங்கினால் நிலைமை சரசரவென்று இறங்கும். அதை மூடாமல் வைக்க ப்ராஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அப்போது நர்ஸ் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டியது மூச்சு. அந்த மருந்தே சில குழந்தைகளுக்கு மூச்சை நிறுத்திவிடும். பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்ப்பதும் இப்படிப்பட்ட குழந்தைகளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே பிடிக்கத்தான். ஆக்சிஜன் அளவு 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3க்குள் இருந்தால் பயமில்லை. 90க்குக் கீழே இருந்தால் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

நீலத்தைக் கண்ணால் பார்ப்பது எளிது என்று நினைக்கிறோம். நம் ஊர்க் குழந்தையின் தோல் நிறத்தில் அது எளிதே அல்ல. வெளிநாட்டுப் பாடப் புத்தகப் படங்களில் வருகிற ஊதா நிறக் குழந்தையை இங்கே தேடினால் கிடைக்காது. தாய் வந்து சொல்வது, "அழுதா கொயந்த கறுத்துப் பூடுது சிஸ்டர், அப்பால தானே தூங்கிடுது" என்றுதான். பார்க்க வேண்டிய இடம் நாக்கு, ஈறு, கீழுதட்டின் உட்புறம். கன்னத்தையோ உள்ளங்கையையோ பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிறந்த ஓரிரு நாளில் கையும் காலும் மட்டும் நீலமாக இருப்பது சாதாரணம், குளிர் போனால் மாறிவிடும். நாக்கு நீலமாக இருந்தால் அது சாதாரணம் அல்ல. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கின் அடியில் எல்லாக் குழந்தையும் நீலம்தான். ஆக்சிமீட்டர் வைக்கும் விரலில் மருதாணி அழுத்தமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காது குத்து, பெயர் சூட்டு என்று ஏதாவது விசேஷம் முடிந்து வரும் குழந்தைக்குக் கையிலும் காலிலும் மருதாணி இருக்கும், கருவி தடுமாறும். கால் கட்டை விரலிலும் மருதாணி இருந்தால் பாதத்தின் ஓரத்தில் சுற்றி வைத்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அது நம் ஊருக்கு முக்கியம். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் 100 மில்லி இரத்தத்தில் சுமார் 3 முதல் 5 கிராம் வரை சேர்ந்தால்தான் கண்ணுக்கு நீலம் தெரியும். நடுவே 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறந்த குழந்தைக்கு ஹீமோகுளோபின் 20 இருந்தால் 4 கிராம் என்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் அளவு 80க்கு இறங்கும்போதே நீலம் தெரிந்துவிடும். ஆறு மாதக் குழந்தைக்கு இரத்தச்சோகையால் ஹீமோகுளோபின் 8 என்றால், 4 கிராம் என்பது சரிபாதி. ஆக்சிஜன் அளவு 50க்கு இறங்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். இரத்தச்சோகை உள்ள குழந்தை வெளிறித் தெரியும், நீலமாகத் தெரியாது. அதனால் "நீலமா இல்லையே" என்பதை வைத்து யாரையும் விட்டுவிட முடியாது.

நீலம் இருக்கிறது என்று முடிவான பிறகு அடுத்த கேள்வி: கோளாறு நுரையீரலிலா, இதயத்திலா? இங்கே மூச்சு விடும் விதம் பாதி பதிலைச் சொல்லிவிடும். நிமோனியாவால் நீலமாகும் குழந்தை மூச்சுக்குப் போராடும். விலா உள்ளே இழுக்கும், மூக்குத் துவாரம் விரியும், முனகல் கேட்கும். ஆக்சிஜன் கொடுத்தால் நிறம் தேறும். இதயத்தால் நீலமான குழந்தை நீலமாகவே இருந்துகொண்டு பேசாமல் விளையாடும், மூச்சில் பெரிய சிரமம் இராது. எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அளவு பெரிதாக ஏறாது. நுரையீரலுக்கே போகாத இரத்தத்தில் ஆக்சிஜன் எப்படி ஏறும்? சிரமமில்லாத நீலம்தான் என்னைப் பொறுத்தவரை அதிகம் பயப்பட வேண்டிய நீலம். பார்க்க அமைதியாக இருப்பதால் வெளிநோயாளி வரிசையில் கடைசியில் உட்கார வைக்கப்படுவதும் இந்தக் குழந்தைதான்.

இனி ஸ்பெல். ஃபேலோ குழந்தைக்குத் திடீரென்று வரும் நீல வலிப்பு மாதிரியான நிலையை, டெட்ராலஜி என்பதைச் சுருக்கி, வார்டில் டெட் ஸ்பெல் என்போம். முதல் இரண்டு வயதுக்குள் அதிகம். காலையில் தூங்கி எழுந்ததும், அல்லது அழுகை, பால் குடித்தல், மலம் கழிக்க முக்குதல் இவற்றை ஒட்டி வரும். ஒரு குழந்தையை வைத்துச் சொல்கிறேன். இது ஒரே குழந்தை அல்ல, பல குழந்தைகளிடம் பார்த்ததை ஒன்றாகச் சேர்த்தது.

குழந்தைக்கு ஐந்து மாதம், எடை 6 கிலோ. ஃபேலோ என்று எக்கோவில் தெரிந்து, ஆபரேஷனுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமான ஆக்சிஜன் அளவு 82. இரண்டு நாளாகப் பேதி என்று சேர்த்திருக்கிறார்கள். காலை ஆறரை மணிக்கு இரத்தம் எடுக்க ஊசி குத்துகிறோம். குழந்தை அழுகிறது. எந்தக் குழந்தையும் அழும். ஆனால் ஒரு நிமிடத்தில் அழுகையின் தன்மை மாறுகிறது. மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் ஆகிறது. நிமோனியா மூச்சுபோல மேலோட்டமாக இல்லாமல், ஓடி வந்தவர் விடுவதுபோல. தேற்றினாலும் அழுகை நிற்கவில்லை. நாக்கு கருநீலம். திரையில் 82 இருந்தது 70, அப்புறம் 58. சிறிது நேரத்தில் அழுகை தானாகத் தேய்கிறது, கை கால் துவள்கின்றன, கண் செருகுகிறது.

அழுகை நின்றதும் பக்கத்துக் கட்டில்காரர்கள் "அப்பாடா, தூங்கிடுச்சு" என்பார்கள். தாய் வீட்டில் பார்த்து "தானே தூங்கிடுது" என்று சொன்னதும் இதைத்தான். அது தூக்கமல்ல, மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் வருகிற மயக்கம். சில குழந்தைகளுக்கு இதற்கு மேல் வலிப்பும் வரும்.

உள்ளே என்ன நடக்கிறது? அழுகையில் இதயம் வேகமாக, அழுத்தமாகத் துடிக்கிறது. நுரையீரல் வாசலில் உள்ள தசை இன்னும் இறுகுகிறது. கெட்ட இரத்தம் இன்னும் அதிகமாகப் பெருந்தமனிக்குப் போகிறது. ஆக்சிஜன் குறைந்து, இரத்தத்தில் அமிலம் கூடுகிறது. மூளை அதைப் பார்த்து "ஆழமாக மூச்சு விடு" என்கிறது. ஆழமான ஒவ்வொரு மூச்சும் உடம்பிலிருந்து இன்னும் கெட்ட இரத்தத்தை இதயத்துக்கு இழுத்து வருகிறது. அந்த இரத்தத்துக்கு நுரையீரல் வாசல் மூடியிருக்கிறது, அதுவும் உடம்புக்கே போகிறது. சுற்று தானாக உடையும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

ஸ்டெதஸ்கோப் வைத்தால் இன்னொரு விஷயம் தெரியும். ஃபேலோ குழந்தையின் மர்மர் சத்தம் குறுகிய வாசல் வழியாக இரத்தம் பாய்வதால் வருகிறது, ஓட்டையால் அல்ல. ஸ்பெல்லில் அந்த வழியாகப் பாய்ச்சலே குறைந்துவிடுவதால் மர்மர் தேய்கிறது, சில நேரம் காணாமலே போகிறது. சத்தம் குறைந்தால் நல்லது என்று தோன்றும், இங்கே நேர்மாறு. ஸ்பெல் விலகும்போது மர்மர் திரும்ப வரும். அது வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

முதல் வேலை, ஊசியை நிறுத்துவது. இரத்தம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். குழந்தையைத் தாயின் தோளில் சாய்த்து, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். கட்டிலில் படுக்க வைத்தும் செய்யலாம், ஆனால் தாயின் தோளில் அழுகை சீக்கிரம் அடங்கும். கால் மடங்கும்போது தொடை இரத்தக் குழாய்கள் அழுந்தி, உடம்பின் பக்கம் அழுத்தம் கூடுகிறது. பெருந்தமனிப் பக்கம் எதிர்ப்பு கூடினால் இரத்தம் கொஞ்சமாவது நுரையீரல் பக்கம் போகும். கால் மடங்கிய நிலையில் கெட்ட இரத்தம் இதயத்துக்குத் திரும்புவதும் குறையும். நடக்கிற வயதுப் பிள்ளைகள் இதைத் தாமாகவே செய்வார்கள்: நாலு அடி ஓடிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதே நேரத்தில் முகத்துக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் காட்ட வேண்டும். முகமூடியை இறுக்கிப் பிடித்து அழவைத்தால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். ஆக்சிஜன் நுரையீரல் குழாய்களைத் தளர்த்துவதால் ஓரளவு உதவும், தனியாக அதுவே ஸ்பெல்லை நிறுத்தாது. டாக்டர் வந்து மார்ஃபின் எழுதுவார், கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 6 கிலோவுக்கு 0.6 மில்லிகிராம். ஆம்பூலில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருந்தால் அது 0.06 மில்லி, சிரிஞ்சில் அளக்கவே முடியாத அளவு. அதனால் அந்த ஒரு மில்லியை 10 மில்லியாகக் கரைத்து, அதிலிருந்து 0.6 மில்லி எடுப்போம். இந்தக் கரைசலைப் பதற்றத்தில் தவறாகச் செய்தால் பத்து மடங்கு மருந்து போய்விடும், அதனால் இரண்டாவது நர்ஸ் பார்த்துச் சொன்ன பிறகே கொடுப்பது வழக்கம். வேறு சில இடங்களில் கெட்டமினோ, மூக்கில் விடும் ஃபென்டானிலோ கொடுப்பார்கள், அப்போது நரம்பில் வென்ஃப்ளான் ஊசி போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் திரவம். இந்தக் குழந்தைக்கு இரண்டு நாள் பேதி. உடம்பில் நீர் வற்றியதால் இரத்த அழுத்தம் ஏற்கெனவே கீழே இருக்கிறது, ஸ்பெல் வந்ததற்கே அது ஒரு காரணம். கிலோவுக்கு 10 மில்லி, அதாவது 60 மில்லி சலைன் ஏற்றுகிறோம். தேவையென்றால் இன்னொரு முறை. இதிலும் அடங்காவிட்டால் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர், அது வாசல் தசையைத் தளர்த்தி இதயத்தின் வேகத்தையும் குறைக்கும். அதற்கும் மசியாவிட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து. எதற்கும் அடங்காத குழந்தையை மயக்கிச் செயற்கைச் சுவாசத்தில் வைத்து, அப்படியே ஆபரேஷனுக்குக் கொண்டுபோக நேரும். நம் குழந்தைக்குச் சலைன் பாதி ஏறியபோதே 58 மெல்ல 65, 74 என்று ஏறி, இருபது நிமிடத்தில் 80ஐத் தொடுகிறது.

இப்போது பக்கத்துக் கட்டிலில் உள்ள வி.எஸ்.டி. குழந்தையை நினைத்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அதற்குத் தலையை உயர்த்தி வைப்போம். ஃபுரோசமைடு கொடுத்து நீரைச் சிறுநீராக வெளியேற்றுவோம். திரவத்தை அளந்து கொடுப்போம். ஃபேலோ குழந்தைக்கு ஸ்பெல்லில் அதே ஃபுரோசமைடைக் கொடுத்தால் நீர் இன்னும் வற்றி ஸ்பெல் முற்றும். "மூச்சு வாங்குது, ஹார்ட் கேஸ்" என்ற இரண்டு வார்த்தையோடு கேஸ் கைமாறும்போது இந்தத் தவறு நடக்க இடமிருக்கிறது. இன்னொன்று, வேகமான மூச்சைப் பார்த்து இளைப்பு என்று நினைத்து சால்பியூட்டமால் நெபுலைசர் வைப்பது. அது இதயத்தை வேகமாக, அழுத்தமாகத் துடிக்க வைக்கும் மருந்து, இங்கே வேண்டவே வேண்டாதது. வேறுபாட்டை நான் பார்ப்பது இப்படி: விலா இழுக்கிறதா, மூச்சு மேலோட்டமா? நுரையீரலை யோசி. மூச்சு ஆழமாக, விலா இழுக்காமல், நாக்கு கருத்து வருகிறதா? முழங்காலை மடக்கு.

ஸ்பெல் முடிந்ததும் எழுத வேண்டியது நிறைய. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எதனால், மிகக் குறைந்த அளவு எவ்வளவு, எத்தனை நிமிடம், எந்த மருந்துக்குப் பிறகு தேறியது, துவண்டதா, வலிப்பு வந்ததா. ஃபேலோ குழந்தைக்கு ஆபரேஷன் எவ்வளவு சீக்கிரம் என்பதை எக்கோவோடு சேர்த்து இந்தக் குறிப்பும்தான் முடிவு செய்கிறது. "குழந்தை நீலமாக இருந்தது, ஆக்சிஜன் கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால், அடிக்கடி ஸ்பெல் வருகிற குழந்தை என்பதே மேலே தெரியாமல் போய்விடும்.

ஸ்பெல் இல்லாத நாளிலும் நீலக் குழந்தைக்கு நர்ஸ் செய்யும் ஒரு வேலை வெளியே யாருக்கும் தெரியாது: சலைன் ட்யூபில் காற்றுக் குமிழி பார்ப்பது. மற்றக் குழந்தைக்குச் சிறு குமிழி போனால் நுரையீரல் வடிகட்டிவிடும். ஃபேலோ குழந்தைக்கு அது ஓட்டை வழியாக நேராக மூளைக்குப் போகலாம். அதனால் ஒவ்வொரு சிரிஞ்சையும் நிமிர்த்தித் தட்டி, ட்யூபின் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் சுண்டிப் பார்த்த பிறகே மாட்டுவோம்.

இரத்தமும் இந்தக் குழந்தைகளுக்கு வேறு மாதிரி. ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களை அதிகமாகச் செய்கிறது, இரத்தம் கெட்டியாகிறது. சிவப்பணுக்களின் பங்கு 65 சதவீதத்தைத் தாண்டினால் மூளைக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பேதியும் வாந்தியும் வந்தால் கெட்டியான இரத்தம் இன்னும் கெட்டியாகும். மற்றப் பிள்ளைக்கு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கூடிய பேதிக்கு, இந்தப் பிள்ளையை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்கிறோம். இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தால் சிக்கல் கூடும். ஆக்சிஜன் அளவு 75 உள்ள குழந்தைக்கு ஹீமோகுளோபின் 12 என்றால் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரும், இந்தக் குழந்தைக்கு அது இரத்தச்சோகை. ஸ்பெல் அடிக்கடி வரும். இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தாலே சிலருக்கு ஸ்பெல் குறையும்.

வீட்டுக்கு அனுப்பும்போது தாயிடம் மட்டும் சொன்னால் போதாது, ஆயாவிடமும் சொல்ல வேண்டும். குழந்தை பகலெல்லாம் ஆயாவிடம்தான் இருக்கும். தலையணையை வைத்து முழங்கால் மடக்கிப் பிடிப்பதைச் செய்து காட்டி, அவர்களையும் செய்ய வைப்போம். "ஆயா, கொயந்த அழுது மூச்சு ஆழமா வாங்குனா உரம் விழுந்திருக்குன்னு தூக்கிக் குலுக்காதீங்க, காலை மடக்கி தோள்ல போட்டுக்கினு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பது இந்தப் பக்கத்தில் இன்னும் வழக்கம். ஸ்பெல்லில் துவண்ட குழந்தையை அப்படி உருட்டினால் போகிற நிமிடங்கள் திரும்ப வராது. பசித்து அழவிட வேண்டாம், காலையில் எழுந்ததும் முதலில் பால் என்றும் சொல்லி அனுப்புவோம்.

ஆபரேஷன் பற்றிக் குடும்பங்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஓட்டையை மட்டும் அடைச்சா போதாதா?" போதாது. வாசலைத் திறக்காமல் ஓட்டையை அடைத்தால் கெட்ட இரத்தம் போக வழியே இருக்காது. 1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆல்ஃபிரட் பிளாலாக் முதல்முறையாக ஒரு நீலக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்தபோது இரண்டையுமே தொடவில்லை. கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு தைத்தார். நுரையீரலுக்கு வேறு வழியில் இரத்தம் கொண்டுபோகலாம் என்ற யோசனை குழந்தை மருத்துவர் ஹெலன் டௌசிக்குடையது. நாய்களிடம் அதைச் செய்து முறையை உருவாக்கியவர் விவியன் தாமஸ், டாக்டர் பட்டம் பெறாத கறுப்பின ஆய்வகத் தொழில்நுட்பர். அன்று பிளாலாக்குக்குப் பின்னால் நின்று தையலுக்கு வழி சொன்னதும் அவரே. 1954இல் அமெரிக்க அறுவை மருத்துவர் லில்லிஹை முதல்முறையாக முழுத் திருத்தம் செய்தார். அந்த முதல் வகை இணைப்பு இன்றும் போகவில்லை. குழந்தை மிகச் சிறியதாக இருந்தாலோ நுரையீரல் தமனி மெலிந்திருந்தாலோ முதலில் சிறு செயற்கைக் குழாய் வைத்து இணைத்துவிட்டு, வளர்ந்த பிறகு முழுத் திருத்தம் செய்கிறார்கள். மற்றபடி பெரும்பாலும் ஒரு வயதுக்குள் ஓட்டையை மூடி வாசலை விரித்துவிடுவார்கள்.

செலவைப் பற்றிய பயத்தில் தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய ஆபரேஷன்கள் அடங்கும். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைப் பார்க்கும் ஆர்.பி.எஸ்.கே. குழு பிறவி இதயக் கோளாறைச் சந்தேகித்தால் மேலே அனுப்பும். ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் கையில் தயாராக இருப்பது நல்லது. அட்டையில் பெயர்ப் பிழை இருந்தால் அதைத் திருத்த அலைவதில் நாள் போகும், ஸ்பெல் அதற்காகக் காத்திருக்காது.

முழுத் திருத்தம் ஆன பிறகு ஸ்பெல் நின்றுவிடும், நாக்கு சிவப்பாகும். ஆனால் வாசலை விரிக்கும்போது பல குழந்தைகளுக்கு நுரையீரல் வால்வு ஒழுகும்படி ஆகிவிடுகிறது. ஓடி விளையாடுவதால் ஒன்றும் இல்லை என்று தோன்றும். அந்த ஒழுகலால் வலது கீழறை வருடக்கணக்கில் மெல்ல விரிந்துகொண்டே போகும், இதயத் துடிப்பில் கோளாறும் வரலாம், சிலருக்கு வளர்ந்த பிறகு புதிய வால்வு வைக்க நேரும். அதனால் ஆபரேஷன் ஆன பிள்ளையும் வருடம் ஒருமுறையாவது எக்கோவுக்கு வர வேண்டும். பல் பிடுங்கப் போனால், ஃபேலோவுக்கு ஆபரேஷன் ஆன பிள்ளை என்று பல் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.